தாத்தாவின் முகத்தைத் திருப்பிப் போடாதீர்கள்

மறைந்தவரின் படத்தைத் திருப்பிப் போட்டுக் குடும்பப் படத்தில் சேர்த்துக்கொண்டு என்னிடம் வருவதில், தீபாவளி முடிந்ததிலிருந்து இது நான்காவது குடும்பம். அதனால்தான் எழுதுகிறேன்.

பினாங்கில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பாட்டியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வீட்டு ஹாலில் எடுத்த குடும்பப் படத்தில், இரண்டு வருடத்துக்கு முன் தவறிப்போன தாத்தாவைப் பாட்டிக்குப் பக்கத்தில் தானே சேர்த்திருந்தாள். பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் அடித்துத் தர வேண்டும் என்றாள். விளிம்பெல்லாம் சுத்தமாக வெட்டியிருந்தாள், நன்றாகவே செய்திருந்தாள். ஆனால் முகம் வாடியிருந்தது. "அங்கிள், பாட்டி ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் 'இது உங்க தாத்தா இல்லம்மா'ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க" என்றாள்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. தாத்தாவின் சட்டைப் பையும் அதிலிருந்த பேனாவும் வலது மார்பில் இருந்தன.

நடந்தது இதுதான். தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எடுத்த படத்தில் வெளிச்சம் நமக்கு இடப்பக்கத்திலிருந்து விழுகிறது, மூக்கின் நிழல் வலப்பக்கம் சாய்கிறது. வீட்டு ஹாலில் ஜன்னல் இருப்பதோ வலப்பக்கம். அப்படியே ஒட்டினால் அவர் மட்டும் தனியாகத் தெரிகிறார். அதனால் தாத்தாவின் படத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டிருக்கிறாள். வெளிச்சம் பொருந்திவிட்டது. தாத்தா போய்விட்டார்.

"முகம் அதேதானே, பக்கம்தானே மாறியது" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! அதே முகம் இல்லைங்க. யாருக்கும் முகத்தின் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு புருவம் கொஞ்சம் ஏறியிருக்கும், சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கூடுதலாக இழுக்கும். இந்தத் தாத்தாவுக்கு வலது கன்னத்தில் மச்சம், இடப்பக்கம் வகிடு. திருப்பியதும் எல்லாமே இடம் மாறிவிட்டது, சட்டையின் பட்டன் பட்டிகூட மாறி மேலேறிவிட்டது. பேத்திக்கு இது கண்ணில் படவில்லை. அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பல வருடம் சோறு பரிமாறியவருக்குப் பட்டது. என்ன தப்பு என்று பாட்டியால் சொல்லத் தெரிந்திருக்காது, ஆனால் யாரோ வேற்று ஆள் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்திருக்கும்.

முகத்தைத் திருப்பக்கூடாது, வெளிச்சத்தைத்தான் திருப்ப வேண்டும். அதாவது பழைய படத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு ஏற்றபடி குடும்பத்தை எடுக்க வேண்டும். எல்லாரும் குடும்பப் படத்தை எடுத்து முடித்த பிறகுதான் தாத்தாவைத் தேடுகிறார்கள், என் கோபமே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாற்காலிகளை எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றிப் போட்டதும் அதே ஜன்னல் இடப்பக்கம் வந்துவிட்டது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பாட்டிக்குப் பக்கத்தில் காலி நாற்காலியோடு ஒரு படம் எடுத்தேன். பிறகு யாரையும் அசைய விடாமல், தாத்தாவின் உயரமே உள்ள மூத்த மகனை வெள்ளைச் சட்டையில் அந்த நாற்காலியில் உட்கார வைத்து இன்னொரு படம். தோள், மடி, பாட்டியின் சேலையில் விழும் நிழல் எல்லாம் அதிலிருந்து நிஜமாகவே கிடைத்துவிடும். முகத்தை மட்டும் பழைய படத்திலிருந்து எடுத்தால் போதும். மகன் தன்னுடைய வழக்கமான இடத்தில் பின்வரிசையில் நிற்கும் படத்தையும் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் தாத்தாவின் படத்தைக் கைப்பேசியில் வெட்டித் திருப்பி அதன் மேலேயே சேமித்துவிட்டிருந்தாள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நல்லவேளை அச்சுப் படம் ஆல்பத்தில் இருந்தது. அதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். ஆல்பத்தில் வைக்கும் 3ஆர் அளவுச் சின்னப் படத்துக்கு அது தாராளம். கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்ப வேண்டாம், சுருங்கித்தான் வரும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், முடிந்தால் அச்சையே கொண்டு வாருங்கள். ஆனால் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே பிய்க்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் இது அடிக்கடி நடக்கும், பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே கொண்டு வாருங்கள், அப்படியே ஸ்கேன் செய்யலாம்.

தாத்தாவின் முகத்தை ஒட்டி முடித்தபோதும் அவர் கொஞ்சம் மிதப்பதுபோல் இருந்தது. பழைய அச்சில் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகியிருக்கும், புதுப் படத்தில் ஆழமாக இருக்கும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், உடனே தெரியும். கறுப்பைச் சமன் செய்து, புது முகங்களின் கூர்மையைச் சற்றுக் குறைத்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிரிண்ட்டை வாங்க பாட்டியே வந்திருந்தார். மச்சத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, பையில பேனா இல்லையே. பேனா இல்லாம அவர் வெளிய போகமாட்டாரு" என்றார்.

மகனின் சட்டை அது, பேனா இல்லைதான். பழைய படத்திலிருந்து எடுத்து இடது பையில் செருகி, அன்று சாயங்காலமே மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.