கார்ப்பஸ் ஃபண்ட் கட்டியாச்சு என்று சிங்கிங் ஃபண்டை விட்டுவிடாதீர்கள்

நம் கொண்டோவில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் ஒருவருக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் சென்னைக்காரர், இங்கே மலேசியாவுக்கு வேலைக்கு வந்து பல வருடம் ஆகிறது. ஊரில் ஏற்கெனவே ஒரு பிளாட் உண்டு. இங்கே பழைய உரிமையாளரிடமிருந்து வீடு வாங்கினார். முதல் பில்லில் இரண்டு வரி இருந்தது: பராமரிப்புக் கட்டணம் 280 ரிங்கிட், அதற்குக் கீழே மலாயில் கும்புலான் வாங் பெஞ்ஜெலாஸ், 28 ரிங்கிட். அலுவலகத்தில் கேட்டார். "அதுதான் சார் சிங்கிங் ஃபண்ட்" என்று சொல்லிவிட்டு, கவுண்டரில் இருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஊரில் கார்ப்பஸ் ஃபண்ட் கட்டிய பழக்கத்தில், "இது ஒரு தடவை கட்டுவதுதானே, முன்னால் இருந்தவர் கட்டியிருப்பார்" என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். மாதாமாதம் 280 மட்டும் ஆன்லைனில் போனது. பதினோரு மாதத்தில் பாக்கி 308 ரிங்கிட். யாரும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்ப் பெயரைப் பதியும்போதுதான், "பாக்கி இருக்கு, உட்காரலாம், ஓட்டுப் போட முடியாது" என்றார்கள். லிஃப்டை மாற்றலாமா, பழுது பார்த்தே ஓட்டலாமா என்று அன்றைக்குத்தான் வாக்கெடுப்பு. வயதான அம்மாவோடு மேல் மாடியில் இருக்கும் அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டும் ஒன்றல்ல. கார்ப்பஸ் ஃபண்ட் இந்தியாவில் உள்ள வழக்கம். வீட்டுச் சாவி கொடுக்கும்போது, சதுர அடிக்கு இவ்வளவு என்று பில்டர் மொத்தமாக ஒரு தடவை வாங்கிக்கொள்வார். குடியிருப்போர் சங்கம் அமைந்ததும் அந்தப் பணம் சங்கத்தின் பேரில் டெபாசிட்டாகப் போகும். அசலைத் தொடாமல் வட்டியில் காரியம் பார்ப்பதுதான் நோக்கம். ஒரு கணக்கு போடலாம். ஆயிரம் சதுர அடி வீடு, சதுர அடிக்கு 60 ரூபாய் என்றால் ஒரு வீட்டுக்கு 60,000. இருநூறு வீட்டுக்கு 1.2 கோடி. ஏழு விழுக்காடு வட்டி கிடைத்தால் வருடத்துக்கு 8.4 லட்சம். அசல் அப்படியே இருக்கும், ஆனால் வளராது. பத்து வருடம் கழித்து பெயின்ட் விலையும் கூலியும் எங்கோ போயிருக்கும், அந்த 1.2 கோடி அதே 1.2 கோடியாக உட்கார்ந்திருக்கும்.

சிங்கிங் ஃபண்ட் இதற்கு நேர் எதிர். செலவழிக்கத்தான் சேர்க்கிறோம். மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, இதற்குத் தனிக் கணக்கு வைக்கச் சொல்கிறது. தொடக்கத்தில் பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு. மேலே சொன்ன 280-க்கு 28 வந்தது இப்படித்தான். கட்டடத்துக்குப் புது பெயின்ட், தேய்ந்துபோன லிஃப்டையும் பம்பையும் மாற்றுவது, பொது இடத்தைப் புதுப்பிப்பது போன்ற பெரிய செலவுகளுக்கு இந்தப் பணம். காவலாளி சம்பளம், துப்புரவு, மின்சாரக் கட்டணம் எல்லாம் பராமரிப்புக் கணக்கில் போக வேண்டும். எல்லா வீட்டுக்கும் சராசரி 28 என்று வைத்தால், இருநூறு வீட்டுக்கு மாதம் 5,600, வருடத்துக்கு 67,200 ரிங்கிட். பெயின்ட் வேலைக்கு இரண்டரை லட்சம் கேட்கிறார்கள் என்றால் கிட்டத்தட்ட நான்கு வருடச் சேமிப்பு. அதுவும் எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால். மூன்றில் ஒருவர் கட்டவில்லையென்றால் ஐந்தரை வருடம் ஆகிவிடும்.

ஆகவே, பழைய உரிமையாளர் கட்டியது அந்தக் காலத்துக்கு. உங்கள் மாதங்களை நீங்கள்தான் கட்ட வேண்டும். வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது இது திரும்பி வரவும் வராது. "நான் இவ்வளவு சிங்கிங் ஃபண்ட் கட்டி வைத்திருக்கிறேன், அதைத் தனியாகக் கொடுங்கள்" என்று விற்பவர் கேட்டால் கொடுக்காதீர்கள். அதை அவர் வீட்டு விலையில் பேசிக்கொள்ளட்டும். இங்கே யாராவது கார்ப்பஸ் என்று சொல்லித் தனியாக ஒரு தொகை கேட்டால், எந்தப் பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி அந்த ஓட்டு விஷயம். கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன்பு உங்கள் கணக்கில் பராமரிப்பிலோ சிங்கிங் ஃபண்டிலோ ஒரு பகுதி பாக்கியிருந்தாலும் ஓட்டு கிடையாது. 308-ம் பாக்கிதான், 28-ம் பாக்கிதான். கூட்டம் 22-ஆம் தேதி என்றால் 15-ஆம் தேதிக்குள் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். கூட்டத்தன்று காலையில் கட்டி ரசீதை நீட்டினால் எடுபடாது. வெள்ளிக்கிழமை இரவு பணம் அனுப்பினால், திங்கட்கிழமைதான் அலுவலகத்தில் வரவு வைப்பார்கள், அதுவும் யூனிட் எண் போட்டிருந்தால். எண் போடாமல் அனுப்பிய பணம் யாருடையது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். பத்து நாள் இடம் விட்டுக் கட்டுங்கள், கட்டியதும் கணக்கு விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீடு வாங்கும்போதே விற்பவர் பெயரில் உள்ள பாக்கி விவரத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். பராமரிப்பு, சிங்கிங் ஃபண்ட், தாமத வட்டி மூன்றும் தனித்தனி வரியில் இருக்கட்டும். "பெரிசா ஒண்ணும் இல்லண்ணே" என்று ஏஜண்ட் சொல்வது கணக்கு விவரம் ஆகாது. தாமத வட்டி வருடத்துக்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போட்டிருந்தால் கேட்டுத் திருத்துங்கள். அப்புறம் பெயர் மாற்றம். ஒப்பந்த நகலைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, உங்கள் பிரதியில் 'பெறப்பட்டது' என்று சாப் அடித்து வாங்குங்கள். ஒரு அக்கா மூன்று முறை கொடுத்தும் "ஃபைலில் இல்லை" என்றே பதில் வந்தது. நான்காம் முறை சாப் அடித்த பிரதியைக் காட்டினார், அதே நாளில் ஃபைல் கிடைத்தது.

பணம் எங்கே போகிறது என்று பார்க்க, கூட்ட அறிவிப்போடு வரும் தணிக்கைக் கணக்கைப் பிரியுங்கள். அதில் சிங்கிங் ஃபண்ட் பக்கத்துக்குப் போய், பராமரிப்புக் கணக்கிலிருந்து வர வேண்டிய தொகை என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அங்கே பணம் போதாமல் இங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எண் போன வருடத்தைவிடக் கூடியிருந்தால், பெயின்டுக்குச் சேர்த்தது காவலாளி சம்பளமாகக் கரைகிறது. எப்போது திருப்பி வைப்பீர்கள் என்று கூட்டத்தில் கேட்டு, கேள்வியும் பதிலும் குறிப்பில் ஏறுகிறதா என்று பாருங்கள். மழுப்பினால் ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம், அதாவது சி.ஓ.பி.யிடம், எழுதுங்கள். கோலாலம்பூரில் அது மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. ஆனால் அந்தக் கேள்வியைத் தீர்மானமாக்கி ஓட்டுக்கு விட, உங்கள் 28 ரிங்கிட் முதலில் கட்டியிருக்க வேண்டும்.