காலேஜுக்குப் பணம் கட்டும் முன் ஒரு வட்டிக் கணக்கு

இந்த வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு அந்தத் தாள் என் மேசைக்கு வந்துவிட்டது. தனியார் பொறியியல் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் ஒருவர் எழுதிக் கொடுத்தது. கொண்டுவந்தவர் புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் மேஸ்திரி. தாளில் மூன்றே வரிகள்தான். டிகிரி முடித்தால் ஆயுசுக்கும் கூடுதல் வருமானம் 84 லட்சம், நாலு வருஷச் செலவு 8 லட்சம், லாபம் 76 லட்சம்.

"கூட்டல் சரியாத்தானே சார் இருக்கு? நெலத்த வித்துரலாம்ல?" என்று கேட்டார்.

கூட்டல் சரிதான். ஆனால் கூட்டவே கூடாத தொகைகளைக் கூட்டியிருக்கிறார்கள். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த இந்த ஊர்ப் பிள்ளைகள் முதலில் கற்றதே வட்டிக் கணக்குதான். இன்று கைக்கு வரும் ரூபாயும் பத்து வருஷம் கழித்து வரும் ரூபாயும் ஒன்றல்ல என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. நகை அடகிலும் சீட்டிலும் அதை மறக்காதவர்கள், பிள்ளை படிப்பென்று வந்தால் நாற்பது வருஷச் சம்பளத்தையும் ஒரே நாளில் கைக்கு வருவதுபோல் கூட்டிவிடுகிறார்கள்.

5 சதவீதக் கூட்டுவட்டியில் 23,000 ரூபாயைப் போட்டு வைத்தால் 30 வருஷத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆகும். அப்படியென்றால் 30 வருஷம் கழித்து வரப்போகும் ஒரு லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 23,000தான். அதே ஒரு லட்சம் 14 வருஷத்தில் வருவதானால் சுமார் 50,000. இன்று கட்டும் ஒரு லட்சம் மட்டும் முழுசாக ஒரு லட்சம். படிப்பில் செலவெல்லாம் முன்னால் நிற்கிறது, வரவெல்லாம் பின்னால் நிற்கிறது. அதனால்தான் நேர்க்கூட்டல் எப்போதும் படிப்பின் பக்கமே சாய்த்துக் காட்டும். ஏஜென்ட் பொய்யே சொல்ல வேண்டியதில்லை.

மேஸ்திரியின் பையனுக்கு மாமா ஹார்டுவேர் கடையில் மாதம் 12,500 ரூபாய்க்கு வேலை தயாராக இருந்தது. வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். ஏஜென்ட் தாளில் இது இல்லவே இல்லை. படிக்கிற நாலு வருஷமும் அந்தச் சம்பளம் போய்விடுகிறதே, அதுவும் செலவுதான். ஆக வருஷத்துக்கு ஃபீஸும் ஹாஸ்டலுமாக 2 லட்சம், விட்டுப்போகும் சம்பளம் ஒன்றரை, மொத்தம் மூன்றரை லட்சம். வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தான் போகிறான். எனவே ஹாஸ்டலுக்கு ஆகும் கூடுதல் செலவை மட்டும் சேருங்கள்.

வரவுக்கு ஏஜென்டின் எண்களையே எடுத்துக்கொண்டேன். கடையில் இருந்திருந்தால் கிடைக்கும் சம்பளத்தைவிட, 22 வயதிலிருந்து பத்து வருஷம் வருஷத்துக்கு 60,000 கூடுதல். அதன்பின் 26 வருஷம், 58 வயது வரை, வருஷத்துக்கு 3 லட்சம் கூடுதல். எல்லாம் இன்றைய விலைவாசியில். சம்பளத்தில் விலையேற்றத்தைச் சேர்க்காததால் வட்டியிலும் அதைக் கழித்துவிட வேண்டும். கல்விக் கடன் வட்டி 10, 11 என்று வைத்து, விலையேற்றம் 5, 6 போக, 5 சதவீதம் போட்டேன். (சம்பளத்தை மட்டும் வருஷம் 8 சதவீதம் ஏற்றிவிட்டு, வட்டியை 5 என்று போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இரண்டிலும் விலையேற்றம் இருக்கட்டும், அல்லது இரண்டிலும் இல்லாமல் இருக்கட்டும்.)

நாலு வருஷச் செலவின் இன்றைய மதிப்பு சுமார் 13 லட்சம். முதல் பத்து வருஷக் கூடுதலுக்கு 4 லட்சம். அடுத்த 26 வருஷத்தின் 78 லட்சம் சுருங்கி 23 லட்சத்துக்கும் கீழே வருகிறது. வரவு 27, செலவு 13, மிச்சம் 14 லட்சம். ஏஜென்டின் 76 லட்சம் இவ்வளவுதான்.

14 லட்சமும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். 32 வயதுக்கு மேல் கூடுதல் 3 லட்சம் இல்லாமல் ஒன்றரை லட்சம்தான் என்றால் மிச்சம் இரண்டரை லட்சத்துக்கும் கீழே போய்விடும். அந்தக் கல்லூரி ஃபீஸ் தவிர 6 லட்சம் 'நன்கொடை' கேட்டிருந்தது. இன்று கட்டும் பணம் ஆதலால் அதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஒன்றரை லட்சக் கணக்கில் இதையும் சேர்த்தால் மூன்றரை லட்சத்துக்கு மேல் நஷ்டம். அப்படி நன்கொடை வாங்குவதையே தமிழ்நாட்டில் 1992 முதல் சட்டம் தடை செய்திருக்கிறது. ரசீது தராத பணத்துக்காக நிலத்தை விற்காதீர்கள்.

இதே கணக்கை மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். 'படிச்சு என்னத்த' என்று பையனைக் கடையில் உட்கார வைக்கும் அப்பாக்களும் என்னிடம் வருகிறார்கள். இதே பையனுக்கு கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்து வருஷச் செலவு 50,000 என்று ஆனால், மிச்சம் 14 இல்லை, 19 லட்சத்துக்கு மேல். காரைக்குடியிலேயே அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடங்களுக்கு ஃபீஸை அரசே கட்டுகிறது. அப்போதும் படிப்பு முழு இலவசமாகிவிடாது. விட்டுப்போகும் சம்பளத்தின் இன்றைய மதிப்பு ஐந்தரை லட்சம் இருக்கிறதே! அதையும் எழுதுங்கள். எழுதிய பிறகும் கணக்கு படிப்பின் பக்கமே நின்றால் பையனைப் படிக்க வையுங்கள்.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். எக்செல்லில் B2 முதல் B41 வரை 40 வருஷத்தை வரிசையாக வையுங்கள். முதல் நாலில் −3.5, அடுத்த பத்தில் 0.6, மீதி 26இல் 3.

```
=B2+NPV(5%,B3:B41)
=IRR(B2:B41)
```

முதல் வரி, மேலே சொன்ன மிச்சத்தை லட்சத்தில் தரும். அதில் B2 தனியே நிற்பதற்குக் காரணம் உண்டு. NPV முதல் தொகையையே ஒரு வருஷம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். முதல் ஃபீஸோ இப்போதே கட்டுவது. அடுத்த வரி, போடும் பணம் எத்தனை சதவீத வட்டி தருகிறது என்று சொல்லும். இங்கே 9க்குச் சற்று மேல். விலையேற்றம் போக இவ்வளவு என்றால் நல்ல வட்டிதான். ஆனால் வெளியில் கந்துவட்டிக்கு வாங்கிப் படிக்க வைத்தால் இதுவும் கட்டாது. கல்விக் கடன் வட்டியைத் தனியாக இன்னொரு முறை கழிக்க வேண்டாம். ஃபீஸைக் கட்டும் தேதியில் எழுதி வட்டி போட்டாகிவிட்டது, மறுபடி கழித்தால் இரட்டைச் செலவு.

எண்கள் கெட்டால் கணக்கும் கெடும். கல்லூரி வாசலில் தொங்கும் 'அதிகபட்ச பேக்கேஜ்' உங்களுக்கு வேண்டாம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் முடித்த பிள்ளைகளைக் கேளுங்கள், வேலை கிடைக்காதவர்களையும் அரியர் பாக்கி உள்ளவர்களையும் சேர்த்து. சம்பளத்தை வரிசையாக எழுதி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். வேலை இல்லாதவருக்கு சைபர் போடுங்கள், விட்டுவிடாதீர்கள். கடைப் பக்கமும் அதேபோல்: மாமா கடையில் பத்து வருஷமாக நிற்பவர் இன்று என்ன வாங்குகிறார் என்று கேட்டு எழுதுங்கள். முதல் மாதச் சம்பளத்தை ஆயுசுக்கும் நீட்டாதீர்கள்.

மேஸ்திரி நிலத்தை விற்கவில்லை. பையன் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்திருக்கிறான். அரசு இடமோ, நன்கொடை கேட்காத இடமோ வந்தால் சேர்வது, இல்லாவிட்டால் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்வது என்று பேசியிருக்கிறார்கள். டிப்ளமோவுக்கும் தனியாக ஒரு வரிசை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லி அனுப்பினேன்.