பாராசூட்: தமிழில் வான்குடை, செவ்வாயில் பாதிக்குடை

‘பாராசூட்’ என்ற சொல்லைப் பிரித்தால் இரண்டு துண்டு கிடைக்கும். முன்துண்டான ‘பாரா’ இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. தடுப்பது, காப்பது என்று பொருள். பின்துண்டு பிரெஞ்சுச் சொல். விழுதல் என்று பொருள். சேர்த்தால், விழுவதிலிருந்து காப்பது. 1783-ஆம் ஆண்டு டிசம்பரில், பிரான்சின் மொன்பெலியே நகரத்து வானாய்வுக்கூடக் கோபுரத்திலிருந்து லூயி செபாஸ்தியன் லெனோர்மான் இப்படியொரு சாதனத்தோடு குதித்துக் காட்டினார். பெயரும் அவர் வைத்ததே என்பார்கள். தீப்பிடித்த கட்டடத்தில் சிக்கியவர்கள் கீழே குதித்துப் பிழைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

கோபுரத்திலிருந்து குதிப்பதற்கு முன்பே அவர் ஒரு மரத்திலிருந்து குதித்துப் பார்த்தார். அப்போது கையில் இருந்தவை இரண்டு குடைகள். பிரெஞ்சில் வெயில் குடைக்குப் பெயர் ‘பாரசோல்’. அதிலும் அதே ‘பாரா’ இருக்கிறது: வெயிலிலிருந்து காப்பது. அதாவது பாராசூட் பிறந்ததே குடைக்குத் தங்கையாகத்தான். தமிழில் ‘வான்குடை’ என்று வைத்தவர்கள் உருவத்தைப் பார்த்து வைத்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பெயர் சாதனத்தின் பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டு பெயருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாராசூட் என்பது வேலையைச் சொல்லும் பெயர். வான்குடை என்பது உருவத்தைச் சொல்லும் பெயர். பூமியில் இந்த வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஏனென்றால் இங்கே அது உண்மையிலேயே விழுகிறவரைக் காக்கிறது. செவ்வாயில் நிலைமை வேறு. ‘பாராசூட் மூலம் செவ்வாயில் தரையிறங்கியது’ என்று செய்தியில் வரும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். பாராசூட்டை மட்டும் நம்பி எந்த ஆய்வுக்கலமும் அங்கே பத்திரமாக இறங்கியதில்லை.

2021 பிப்ரவரி 18 அன்று நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி ஜெசீரோ பள்ளத்தில் இறங்கிய கதையை எடுத்துக்கொள்வோம். செவ்வாயின் காற்றுமண்டல விளிம்பைத் தொட்டபோது அதன் வேகம் மணிக்குச் சுமார் 19,500 கிலோமீட்டர். அந்த வேகத்தில் குடையை விரித்தால் அது கிழிந்து, எரிந்து போகும். ராக்கெட்டை மட்டும் வைத்து நிறுத்தலாம் என்றால், அதற்கு வேண்டிய எரிபொருளின் எடையைப் பூமியிலிருந்து தூக்கிப் போக முடியாது. நிலவில் காற்றே இல்லாததால் சந்திரயான் 3-க்கு ராக்கெட் மட்டும்தான் வழி. செவ்வாயில் காற்று கொஞ்சம் இருக்கிறது. இருப்பதை விடுவானேன்?

முதல் வேலை வெப்பக் கவசத்துக்கு. ‘வெப்பக் கவசம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன், ஆனால் கவசம் என்பது உடம்பு முழுவதும் அணிவது. இது எதிரே வருவதை முகத்தில் வாங்கிக்கொள்ளும் தட்டு. கேடயம் என்பதே பொருத்தம். கலத்தை முன்னும் பின்னும் மூடியிருக்கும் முழு ஓட்டுக்குக் கவசம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, 4.5 மீட்டர் அகலமான முன்தட்டை மட்டும் வெப்பக் கேடயம் என்றால் குழப்பம் தீரும்.

அந்தத் தட்டு மொண்ணையாக இருக்கும், வேண்டுமென்றே. கூர்மையாக இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், வேகம் குறையாது. மொண்ணையாக இருப்பதால் முன்னால் உள்ள காற்று ஒதுங்க நேரமில்லாமல் நெருங்கி, அமுங்கி, கொதிக்கிறது. வெப்பத்தில் பெரும்பகுதி அந்தக் காற்றோடு போய்விடும். தட்டுக்கு வருவது மிச்சம்தான், அதுவே சுமார் 1,300 டிகிரி செல்சியஸ். தட்டின் மேல் உள்ள கார்பன் நார் அடுக்கு கருகி, அந்த வெப்பம் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்கிறது.

நான்கு நிமிடத்தில் வேகம் 19,500-இலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டருக்கு வந்துவிடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி மாறும். வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசி. இங்கே வேகம் பதின்மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆகவே ஆற்றலில் 99 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. குடைக்கும் ராக்கெட்டுக்கும் சேர்த்து மீதி இருப்பது ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் அந்த மிச்சத்தோடு தரையில் மோதினால் ஒன்றும் தேறாது.

சரி, இப்போது குடை. தரையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் உயரம். ஒலியை மிஞ்சிய வேகம் இன்னும் குறையவில்லை. மடித்து, அழுத்தி, மரக்கட்டை போல இறுகியிருக்கும் துணிப்பொதியைச் சிறு பீரங்கி போன்ற ஒரு குழாய் பின்பக்கம் சுட்டுத் தள்ளுகிறது. 21.5 மீட்டர் அகலக் குடை அரை நொடிக்குள் விரிந்து நிற்கிறது. ஓடும் பைக்கின் பின்னால் உட்கார்ந்து குடையை விரித்தவர்களுக்குத் தெரியும், கை எப்படிப் பின்னால் போகும் என்று. அதே இழுப்புதான், டன் கணக்கில். இந்தக் குடையின் வகையை 2018 செப்டம்பரில் பூமியிலேயே சோதித்தார்கள். சிறிய ராக்கெட்டில் ஏற்றி, பூமியின் காற்றும் செவ்வாய்க் காற்றளவுக்கு மெலிந்திருக்கும் உயரத்தில் விரித்தார்கள். அது 0.4 நொடியில் விரிந்து, சுமார் 32 டன் இழுப்பைத் தாங்கியது.

இந்தக் குடையில் ஒரு விஷயம் படங்களைப் பார்த்தாலே தெரியும். மேலே வட்டமான துணி, அதற்குக் கீழே சுற்றிலும் ஒரு வெறும் இடைவெளி, அதற்கும் கீழே பட்டையாக இன்னொரு துணி. இடைவெளி குறையல்ல. உள்ளே சிக்கிய காற்று வெளியேற ஒழுங்கான வழி இல்லாவிட்டால், ஒரு தரம் இந்தப் பக்கமும் ஒரு தரம் அந்தப் பக்கமும் வழிந்து குடையை ஊசலாட்டும். 1797-இல் பாரிஸில் பலூனிலிருந்து குதித்த கார்னெரின் இப்படித்தான் பயங்கரமாக ஆடியபடி இறங்கினார். பிறகுதான் உச்சியில் துளை விடும் வழக்கம் வந்தது. செவ்வாயில் ஆட்டம் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அப்புறம் சொல்கிறேன்.

குடை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? தரையை ஒட்டிய செவ்வாய்க் காற்றின் அடர்த்தி நம் காற்றில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு. ஈர்ப்பும் குறைவுதான், நம்முடையதில் 38 விழுக்காடு. காற்று மெலிவதால் கெடுதல், ஈர்ப்பு குறைவதால் லாபம்: 80-ஐ 0.38-ஆல் பெருக்கினால் 30. இறங்கும் வேகம் இதன் இருமடி மூலத்தைப் பொறுத்தது, அதாவது சுமார் 5.5. அதே குடை, அதே சுமையோடு, இங்கே இறங்குவதைப் போல ஐந்தரை மடங்கு வேகத்தில் அங்கே இறங்கும். பெர்சிவரன்ஸ் விஷயத்தில் அது மணிக்கு 320 கிலோமீட்டர் அளவில் வந்து நின்றது. அதற்குக் கீழே குடையால் குறைக்க முடியாது.

பெரிய குடையாகத் தைத்தால் என்ன? ஊர்தி தரையைத் தொட வேண்டிய வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குள். வேகத்தை நூறில் ஒன்றாக்க, குடையின் அகலம் நூறு மடங்காக வேண்டும்: 2,150 மீட்டர். அதாவது இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அந்தத் துணியின் எடையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே மூன்றாவது வேலை ராக்கெட்டுக்கு. ‘ஏவூர்தி’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இந்த இடத்தில் ஒட்டாது. ஏவுவது இங்கே நடக்கவில்லை, அது ஊர்தியும் இல்லை. எதிர்த்திசையில் உந்தி வேகத்தைக் கொல்லும் பொறி. ‘எதிருந்து பொறி’ என்று நான் சொல்வேன். சுமார் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் கலம் குடையை விட்டு நழுவி விழ, எட்டு பொறிகள் எரியத் தொடங்கும். முதல் வேலையாக ஒரு பக்கமாக விலகிப் போகும், பின்னால் வரும் குடை மேலே விழுந்துவிடாதபடி. இருபது மீட்டர் உயரத்தில், 1,025 கிலோ ஊர்தியை நைலான் கயிறுகளில் கீழே தொங்கவிட்டு இறக்கும். சக்கரம் தரையைத் தொட்டதும் கயிறு அறுபடும், பொறிகள் தூரமாகப் பறந்துபோய் விழும்.

இந்த மூன்றுக்கும் இடையே கைமாறும் நொடிகள்தான் பயம். கணினி தன் உயரத்தைச் சரியாக அறிந்தால்தான் குடையை விடலாம். 2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்கியாபரெல்லி கலத்துக்குக் கேடயம் சரியாக வேலை செய்தது, குடையும் நன்றாகவே விரிந்தது. விரிந்த குடையின் கீழே கலம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஆடியது. சுழற்சியை அளக்கும் கருவி தன் உச்ச அளவைத் தொட்டு, ஏறக்குறைய ஒரு நொடி அங்கேயே நின்றது. கணினி அதை உண்மை என்று நம்பி, தான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்ற கணக்கைத் தப்பாகப் போட்டது. ரேடார் தந்த தூரம் சரிதான். அதைத் தப்பான சாய்வோடு சேர்த்துக் கணக்கிட்டதும் உயரம் பூஜ்யத்துக்கும் கீழே வந்தது. தரைக்கு அடியில் இருப்பதாகக் கணினிக்குத் தோன்றியபோது கலம் 3.7 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. குடையை விட்டது. முப்பது நொடி எரிய வேண்டிய பொறிகளை மூன்று நொடியில் அணைத்தது. மணிக்கு 540 கிலோமீட்டர் வேகத்தில் மோதியது. இறங்கும்போதே அது அனுப்பிய தகவல்களைச் சுற்றுக்கலம் பதிவு செய்து வைத்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது.

இனி, எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது? வான்குடையையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. விழாமல் காப்பேன் என்ற வாக்கு அந்தச் சொல்லில் இல்லை. வாக்கியத்தில்தான் கவனம் வேண்டும். ‘வான்குடையில் இறங்கியது’ என்று எழுதாமல், ‘வான்குடையால் வேகம் குறைந்து, எதிருந்து பொறிகளால் இறங்கியது’ என்று எழுதினால் நடந்தது நடந்தபடி இருக்கும்.

பெர்சிவரன்ஸ் விட்டுப்போன குடையை 2022 ஏப்ரலில் இன்ஜெனுயிட்டி என்ற சிறிய ஹெலிகாப்டர் மேலே பறந்து படமெடுத்தது. துணி கிழிந்ததாகத் தெரியவில்லை. மண்ணில் பரவி, தூசி படிந்து கிடந்தது. பக்கத்தில் கவசத்தின் பின்ஓடு. ஊர்தியின் சுமை கழன்ற பிறகு அந்தக் குடை தாங்கிக்கொண்டு வந்தது அந்த வெற்று ஓட்டை மட்டும்தான். அதுவும் மணிக்குச் சுமார் 126 கிலோமீட்டர் வேகத்தில் மோதி, நொறுங்கிக் கிடந்தது.