படத்தில் படுத்திருக்கும் அட்டவணையை நிமிர்த்துவது எப்படி?

நாசாவின் கோள்கள் தகவல் அட்டவணையைப் படமாக வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "கோள்கள் எல்லாம் மேலே பக்கவாட்டில் வரிசையாக நிற்கின்றன; நிறை, விட்டம், அடர்த்தி எல்லாம் கீழ்நோக்கிப் போகின்றன. எனக்கு ஒரு கோளுக்கு ஒரு வரி வேண்டும். படத்தைத் திருப்பினால் போதுமா?"

போதாது. படத்தை வலப்பக்கமாக 90 பாகை சுழற்றினால் எழுத்துகள் படுத்துக்கொள்ளும். அதோடு, கோள்களின் பெயர்கள் இருந்த மேல் நிரை வலது ஓரத்துக்குப் போய்விடும். மூலைவிட்டத்தின் வழியே பிரதிபலித்தால் இடம் சரியாக வரும், ஆனால் எழுத்துகள் படுத்துக்கொள்வதோடு, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகவும் மாறிவிடும். நமக்கு வேண்டியது எழுத்து அப்படியே நேராக இருக்க, அதன் முகவரி மட்டும் மாறுவது. 3ஆம் நிரை, 5ஆம் நிரலில் இருப்பது 5ஆம் நிரை, 3ஆம் நிரலுக்குப் போக வேண்டும். பள்ளியில் படித்த நிரை நிரல் மாற்று அணிதான். அணியில் முகவரி கையில் இருந்தது; படத்தில் அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு, ஒரு புள்ளி அகலமுள்ள செங்குத்துக் கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கறுப்புப் புள்ளிகள் என்று எண்ணுகிறோம். கோடுகளே போடாத அட்டவணையானாலும் பரவாயில்லை. இரண்டு நிரல்களுக்கு நடுவே எண்ணிக்கை சுழியத்துக்கு இறங்கும். சரி, சொற்களுக்கு நடுவிலும் இடைவெளி உண்டே, அதை நிரல் எல்லை என்று எடுத்துக்கொள்ளாதா? எடுத்துக்கொள்ளாது. சொல் இடைவெளி வரிக்கு வரி வேறு இடத்தில் விழும்; ஒரு வரியின் இடைவெளியை அடுத்த வரியின் எழுத்து மூடிவிடும். நிரல் இடைவெளி மட்டும் எல்லா வரியிலும் ஒரே இடத்தில் நிற்கும். கிடைமட்டமாகவும் இதேபோல் எண்ணினால் நிரைகள் கிடைக்கும்.

இதற்குப் படம் நேராக இருக்க வேண்டும். 1000 புள்ளி உயரமுள்ள படம் ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் மேலுக்கும் கீழுக்கும் சுமார் 17 புள்ளி விலகிவிடும். குறுகிய இடைவெளிகள் மறைந்துபோகும். அதனால் முதலில் சாய்வை எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் எழுத்துணரி படித்த ஒவ்வொரு சொல்லின் நடுப்புள்ளியும் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்து முகவரி கொடுக்கிறோம். சொற்களை இடமிருந்து வலமாக வெறுமனே எண்ணிக்கொண்டு போகக் கூடாது. மேற்பரப்பு அழுத்தம் என்ற நிரையைப் பாருங்கள்: புதனுக்கு 0, வெள்ளிக்கு 92, பூமிக்கு 1. தனியாக நிற்கும் சுழியத்தை எழுத்துணரி அடிக்கடி விட்டுவிடும். எண்ணிக்கொண்டு போனால் காற்றே இல்லாத புதனுக்கு 92 பார் அழுத்தம் வந்து சேரும். முகவரி இருந்தால் அந்தக் கட்டம் வெற்றாக நிற்கும், கண்ணில் படும்.

கட்டங்களை முகவரிப்படி kol.csv என்ற கோப்பில் எழுதிவிட்டால், இதற்குமேல் பைத்தானில் ஒரே வரி வேலை:

```
import pandas as pd
kol = pd.read_csv("kol.csv", index_col=0, dtype=str).T
```

கடைசியில் உள்ள `.T`தான் மாற்றுவது. `dtype=str` எல்லாவற்றையும் எழுத்தாகவே வைத்திருக்கும். அது அவசியம் என்பேன், ஏனென்றால் நிலவுக்கு எதிரே சூரியனிலிருந்து தொலைவு `0.384*` என்று இருக்கிறது. அந்த உடுக்குறிக்குப் பொருள், இது பூமியிலிருந்து அளந்த தொலைவு என்பது. அதைத் துடைத்துவிட்டு எண்ணாக்கினால் நிலவு சூரியனை ஒட்டிப் போய்விடும். மாற்றிய பிறகு ஒரு நிரலில் ஒரே வகை அளவுதான் இருக்கும். அப்போது நிரல் நிரலாகப் பார்த்து எண்ணாக்கலாம்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? சுழற்சிக் காலத்தில் வெள்ளி, யுரேனஸ், புளூட்டோ மூன்றுக்கும் கழித்தல் குறி இருக்க வேண்டும். அவை எதிர்த்திசையில் சுழல்பவை. எழுத்துணரி முதலில் தொலைப்பதும் அந்தச் சின்னக் கோட்டைத்தான். இன்னும் உறுதி வேண்டுமானால் நிறையையும் விட்டத்தையும் வைத்து அடர்த்தியைக் கணக்கிட்டு, அட்டவணையின் அடர்த்தியோடு ஒப்பிடுங்கள். புதனுக்கு 5427 வரும், அட்டவணையில் 5429. தசமப் புள்ளி ஒன்று தொலைந்திருந்தாலும் பல மடங்கு வேறுபாடு காட்டிக்கொடுத்துவிடும்.

சனிக்கு மட்டும் 619 வரும், அட்டவணையிலோ 687. பத்து விழுக்காடு இடிக்கிறதே என்று எண்ணைத் திருத்திவிடாதீர்கள். அட்டவணை தருவது நடுக்கோட்டு விட்டம். சனி வேகமாகச் சுழல்வதால் நடுவில் புடைத்து, துருவங்களில் தட்டையாக இருக்கிறது. முழு உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டால் பருமன் கூடி, அடர்த்தி குறைகிறது. வியாழனிலும் இதே காரணத்தால் கொஞ்சம் குறையும். படித்ததில் பிழை என்றால் வேறுபாடு பெரும்பாலும் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று தாவும். இப்படிப் பத்து விழுக்காட்டோடு நிற்காது.