கோவான்: புதிர் அன்று, வழக்கு

ஜென் பௌத்தத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர், ஆசிரியர் மாணவனுக்குப் பயிற்சிக்காகத் தரும் கேள்வியையோ உரையாடலையோ குறிக்கும் 'கோவான்' என்ற சொல்லைப் பெரும்பாலும் 'புதிர்' என்றும், சில வேளைகளில் 'விடுகதை' என்றும் பெயர்த்துவிடுகின்றனர். ஒரு கையால் தட்டினால் எழும் ஓசை எது என்பது போன்ற கேள்விகளைக் கேட்டவுடன் புதிர் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் புதிர் என்று சொன்ன கணமே, எங்கோ ஒரு விடை ஒளிந்திருக்கிறது, கூர்மையான அறிவு அதைக் கண்டுபிடித்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் உடன் வந்துவிடுகிறது. தொல்காப்பியம் 'பிசி' என்று பெயரிட்ட வகையைச் சேர்ந்த கேள்விகளுக்கு அந்த எதிர்பார்ப்பு பொருந்தும். கோவான் செய்ய வேண்டிய வேலையை அதே எதிர்பார்ப்பு கெடுத்துவிடும்.

சொல்லின் பிறப்பைப் பார்க்கலாம். 'கோவான்' என்பது ஜப்பானிய ஒலிப்பு. அதன் மூலம் சீன மொழியின் 'கோங்ஆன்'. 'கோங்' என்றால் பொது, அரசுக்குரியது. 'ஆன்' என்றால் மேசை. அதிலிருந்து நீதி வழங்கும் அதிகாரியின் மேசை மீதுள்ள வழக்கு ஆவணம் என்ற பொருள் வந்தது. ஆகவே கோங்ஆன் என்பது அரசு மன்றத்தின் வழக்குப் பதிவு. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜோங்ஃபெங் மிங்பென் என்ற சீனத் துறவி இந்தப் பெயருக்கு விளக்கம் தந்திருக்கிறார். தன்னால் தீர்த்துக்கொள்ள முடியாத பிணக்கை ஒருவன் மன்றத்துக்குக் கொண்டு செல்கிறான். அதிகாரி பழைய வழக்குப் பதிவுகளை வைத்து அதை முடிக்கிறார். அதுபோலத் தன் அறிதல் உண்மையானதா என்று துணிய முடியாத மாணவன் ஆசிரியரிடம் வருகிறான், அவர் கோங்ஆனைக் கொண்டு அதைத் தீர்க்கிறார் என்பது அவ்விளக்கத்தின் சாரம். இதில் கவனிக்க வேண்டியது, மன்றத்தில் நிறுத்தி விசாரிக்கப்படுவது கேள்வியன்று, மாணவனே என்பதாகும். பதிவேட்டில் தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பு பிறந்த இடத்தில் இவன் நிற்கிறானா என்பதே விசாரணை.

எல்லாவற்றிலும் பரவலாக வழங்கும் ஒரு கோவானை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 'வாயிலற்ற வாயில்' என்று பொருள்படும் தொகுப்பை வூமென் ஹுய்காய் என்ற துறவி 1228-இல் அமைத்தார். அதிலுள்ள 48 வழக்குகளில் முதலாவது இது. ஜாவ்ஜோ என்ற ஆசிரியரிடம் ஒரு துறவி, நாய்க்குப் புத்த இயல்பு, அதாவது புத்தராக விழிப்படையும் தன்மை, உண்டா என்று கேட்டார். ஜாவ்ஜோ, 'வூ' என்றார். ஜப்பானியர் இதை 'மு' என்பர். தமிழில் 'இல்லை' என்று சொன்னால் பொருள் பிசகாது, ஏனெனில் நம் உண்டு, இல்லை என்ற இணையைப் போலவே சீனத்திலும் 'யோ', 'வூ' என்ற இணை வழங்குகிறது.

கேட்ட துறவி அறியாமையால் கேட்கவில்லை. எல்லா உயிர்களுக்கும் புத்த இயல்பு உண்டு என்பது மகாபரிநிர்வாண சூத்திரத்தின் வழியாகச் சீன பௌத்தர் அனைவரும் அறிந்திருந்த கொள்கை. சரியான விடை 'உண்டு' என்பது கேட்டவருக்கே தெரியும். அதற்கு எதிராக 'இல்லை' என்ற ஒற்றைச் சொல் வந்து விழுகிறது. இவ்வுரையாடலின் நீண்ட வடிவமும் பழைய பதிவுகளில் கிடைக்கிறது: ஏன் இல்லை என்று துறவி மீண்டும் கேட்க, அதற்கு வினைவழிப்பட்ட உணர்வு இருப்பதால் என்று ஜாவ்ஜோ காரணம் சொல்கிறார். வேறொரு முறை இதே கேள்விக்கு அவர் 'உண்டு' என்று விடையளித்ததாகவும் பதிவு இருக்கிறது. இந்த நீண்ட வடிவங்களை வைத்துக்கொண்டு ஒருவர் வசதியாக வாதம் நடத்தலாம். வூமென் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வியும் ஒற்றைச் சொல்லும் மட்டுமே அவர் தொகுப்பில் உள்ளன. காரணம் சொல்லும் பகுதி வெட்டப்பட்டதால்தான் அந்தச் சொல் சிந்தனைக்குப் பிடிகொடாத பொருளாயிற்று என்பது என் கருத்து. கோவானின் ஆற்றலில் பாதி இப்படி வெட்டியதிலேயே இருக்கிறது.

இந்த வெட்டுக்கு முன்னோடியாக இருந்தவர் தாஹுவெய் என்ற சீன ஆசிரியர் (1089–1163). அவருக்கு முந்திய தலைமுறைகளில் கோங்ஆன் பெரிய இலக்கிய முயற்சியாக வளர்ந்திருந்தது. ஒரு வழக்குக்குப் பாட்டு, பாட்டுக்கு உரை, உரைக்கு மேலுரை என்று அடுக்கி எழுதினர். தாஹுவெய்யின் ஆசிரியர் யுவான்வூ எழுதியதே அவ்வகையில் தலைசிறந்த தொகுப்பு. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்யத் தொடங்கியதைக் கண்டு தாஹுவெய் அதன் அச்சுப் பலகைகளை எரித்தார் என்று மரபு கூறுகிறது. அவர் முழு உரையாடலையும் விட்டு, அதன் கூர்மையான ஒரு சொல்லை மட்டும் பற்றிக்கொள்ளுமாறு கற்பித்தார். அச்சொல்லுக்கு 'ஹுவாதோ' என்று பெயர். 'பேச்சின் தலை' என்பது நேர்ப்பொருள், தமிழில் 'சொல்முனை' எனலாம். அவர் கடிதங்களைப் பெற்றவர்களில் பலர் அரசுத் தேர்வு எழுதிப் பதவிக்கு வந்த அதிகாரிகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூல்களை ஒப்பிட்டு, மேற்கோள் காட்டி, முடிவு கட்டுவதே அவர்களுடைய பிழைப்பு. எந்தக் கேள்வி வந்தாலும் அந்தக் கருவியையே அவர்கள் கை தேடும்.

ஆகவே தாஹுவெய் 'வூ'வைப் பற்றிக் கொடுத்த அறிவுரை பெரும்பாலும் விலக்குகளாகவே அமைந்தது. அதை உண்டு, இல்லை என்ற இணையில் ஒன்றாகக் கொள்ளாதே. அதற்குக் காரணம் கற்பிக்காதே. மனத்தால் எடைபோட்டு ஊகிக்காதே. புருவம் உயர்த்துவதிலும் கண் சிமிட்டுவதிலும் அதைத் தேடாதே. நூல்களில் சான்று தேடாதே. ஒன்றும் செய்யாமல் வெறுமையில் உட்கார்ந்தும் விடாதே. ஒவ்வொரு விலக்கும், அறிவு வழக்கமாகத் தப்பிச் செல்லும் ஒரு வழியை அடைக்கிறது.

வழிகள் அடைபடும்போது நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலில் மாணவன், ஜாவ்ஜோ கொள்கையை மறுக்கிறார் என்று எண்ணுகிறான். அது பொருந்தாது என்று ஆசிரியர் திருப்பி அனுப்புகிறார். அடுத்து, உண்டு இல்லை இரண்டையும் கடந்த சூனியத்தையே அவர் சுட்டுகிறார் என்ற அழகான விளக்கத்தோடு வருகிறான். தத்துவ நூலில் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கலாம். ஆசிரியர் இதையும் ஏற்பதில்லை, ஏனெனில் மாணவன் இன்னும் 'வூ'வை எதிரே வைத்து அதைப் பற்றிப் பேசுகிறவனாகவே இருக்கிறான். பின்னர், இதற்குப் பொருளே இல்லை என்று முடிவு கட்டி விலக முயல்கிறான். அதுவும் ஒரு முடிவுதான். மறுத்தல், விளக்குதல், ஒதுக்கித்தள்ளுதல் என்ற மூன்றும் தீர்ந்த பின்னரும் கேள்வி அவனை விடுவதில்லை. இந்நிலையைத்தான் 'ஐயம்' என்றும், அது முதிர்ந்தால் 'பேரையம்' என்றும் மரபு சொல்கிறது. உடலின் 360 எலும்புகளையும் 84,000 மயிர்த்துளைகளையும் ஒரே ஐயத் திரளாக ஆக்கிக்கொள் என்றும், பழுக்கக் காய்ந்த இரும்பு உருண்டையை விழுங்கி அதைக் கக்கவும் முடியாதவன் போல இரு என்றும் வூமென் எழுதினார். அவரே இந்த ஒரு சொல்லோடு ஆறு ஆண்டுகள் போராடியவர். அந்தத் திரள் உடையும்போது 'உண்டு', 'இல்லை' என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமும், பிரித்துப் பார்க்கும் 'நான்' என்ற நிலைப்பாடும் சேர்ந்தே உடைகின்றன என்பது மரபின் துணிபு.

நம் இலக்கணத்தின் கண்ணால் பார்த்தால் இதன் விந்தை இன்னும் துலங்கும். நன்னூல் விடையை எட்டு வகையாகப் பகுக்கிறது. அதன்படி 'இல்லை' என்பது 'மறை' விடை. கோவானில் மாணவனுக்கு வைக்கப்படும் சோதனை, வடிவத்தால் மறைவிடையாக இருக்கும் சொல்லை மறையாக வாங்கிக்கொள்ளாமல் இருப்பதே. போதிதர்மர் மேற்கிலிருந்து வந்ததன் கருத்து யாது என்ற கேள்விக்கு, முற்றத்திலுள்ள மரம் என்று ஜாவ்ஜோ சொன்ன விடை இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்' என்ற தொல்காப்பிய விதியை வைத்துப் பார்த்தால் அது அப்பட்டமான செப்புவழு. ஆயினும் அதை வெறும் உளறல் என்று கொள்வதும் தவறு. எதைச் சொன்னாலும் செல்லும் என்றால் விசாரணையே தேவைப்படாது.

அந்த விசாரணை நடக்கும் முறை திட்டமானது. ஜப்பானிய ஜென்னின் ஒரு பிரிவான ரின்சாய் மடங்களில் மாணவன் மணியடித்துவிட்டுத் தனியே ஆசிரியர் அறைக்குள் சென்று, வணங்கி, தன் கோவானைச் சொல்லி, தன் பதிலை முன்வைக்கிறான். ஏற்கத்தக்கதில்லை என்றால் ஆசிரியர் கைமணியை அசைக்கிறார். அவ்வளவுதான், மாணவன் எழுந்து போக வேண்டும். தீவிரப் பயிற்சி நாட்களில் இது ஒரே நாளில் பலமுறை நடக்கும். தவறுகள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒருவர் விளக்கம் சொல்கிறார். இன்னொருவர் 'மு, மு' என்று மந்திரம்போல் உருவேற்றி இதமான மயக்கத்தில் ஆழ்ந்துவிடுகிறார்; அங்கே அமைதி உண்டு, ஐயம் இல்லை. மற்றொருவர் கேள்விப்பட்ட கதைகளைப் பின்பற்றி உரக்கக் கத்துகிறார், தரையை அறைகிறார். இந்த நடிப்பைத் தொடர்கேள்விகள் வெளிப்படுத்திவிடும். மு எவ்வளவு உயரம், அது எங்கிருந்து தோன்றியது என்பன போன்ற கேள்விகளை ஆசிரியர் அடுத்தடுத்துக் கேட்பார். கடன் வாங்கிய பதில் முதற்கேள்வியோடு தீர்ந்துபோகும். யோசித்துப் பதில் கட்டுகிறவர் அந்த இடைவெளியிலேயே அகப்பட்டுக்கொள்வார். மடங்களுக்குள் வழங்கிவந்த பதில்களைத் தொகுத்து 1916-இல் ஜப்பானில் ஒரு நூல் வெளியிடப்பட்டது. பயிற்சி சடங்காகத் தேய்ந்துவிட்டது என்று காட்டுவதே அதன் நோக்கம். பதில்கள் மனப்பாடமாகக் கூடியவை என்ற வரையில் அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. விசாரிக்கும் ஆசிரியர் தளர்ந்தால் முறையும் தளர்ந்துவிடும்.

கோவான் பகுத்தறிவை அடியோடு ஒழிக்கிறது என்று சொல்வதும் மிகை. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹகுயின் என்ற ஆசிரியரின் வழிவந்தோர் ஒழுங்குபடுத்திய பாடமுறையில், முதல் கோவானைக் கடந்தவர் மேலும் பல கோவான்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒரு செய்யுள் அடியைப் பழைய தொகுப்புகளிலிருந்து தேர்ந்து சூட்டவும் வேண்டும். நூலறிவு இல்லாமல் அதைச் செய்ய இயலாது. முதலில் தடுக்கப்படுவது, எதைக் கண்டாலும் உடனே கருத்தாக மாற்றிவிடும் பழக்கமே.

தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். 'புதிர்', 'விடுகதை' இரண்டும் விலக்கத்தக்கவை. 'முரண்மொழி' என்பதும் போதாது. முற்றத்து மரத்தில் முரண் எதுவுமில்லை. மூலச் சொல்லுக்கு மிக அணுக்கமானது 'மன்ற வழக்கு'. பழந்தமிழில் மன்றம் என்பது ஊர்ப் பொதுவிடத்தையும் நீதி வழங்கும் அவையையும் குறித்ததால் 'கோங்' என்பதன் இரு பொருளும் அதில் அடங்குகின்றன. 'வழக்கு' என்பது நீதிமன்றப் பிணக்கு என்ற பொருளோடு, உலக வழக்கு என்பதில் வருவதுபோல, பழகிவந்த நடைமுறை என்ற பொருளையும் தாங்குகிறது. இந்த இரண்டாம் பொருள் சீனச் சொல்லில் இல்லாத ஒரு மிகுதி, ஆனால் இடையூறு செய்யாத மிகுதி. கட்டுரைகளில் முதலிடத்தில் 'கோவான் என்னும் மன்ற வழக்கு' என்று எழுதி, பிறகு கோவான் என்றே தொடர்வது நல்லது. தொகுப்புகளில் எண்ணிடும்போது 'முதல் வழக்கு', 'முப்பத்தேழாம் வழக்கு' என்று குறிப்பது மூலநூல்களின் மரபுக்கும் ஒத்தது. 'கோன்' என்ற எழுத்துப்பெயர்ப்பைத் தவிர்க்கலாம். அது தமிழில் அரசனையும் இடையர் குலப் பெயரையும் குறிப்பதோடு, மூலத்திலுள்ள இரண்டு அசைகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. கோ, ஆன் இரண்டும் வகர உடம்படுமெய் பெற்றுக் 'கோவான்' என்றாவதே தமிழ்ப் புணர்ச்சிக்கு இயைந்தது.