இருபத்திரண்டு கியூப் கான்கிரீட்டும் பதினாறு டன் பாலமும்

தக்கலைப் பக்கம் சானல் கரையை ஒட்டி ஒரு வீட்டுக்குத் தளக் கான்கிரீட் போட வேண்டியிருந்தது. தளம் 1,600 சதுர அடி, கனம் 5 அங்குலம். பீம், சன்ஷேடு எல்லாம் சேர்த்து அளந்து கணக்குப் போட்டதில் 22.2 கன மீட்டர் வந்தது. சைட்டில் நாங்கள் கன மீட்டரை 'கியூப்' என்றுதான் சொல்வோம். கொத்தனாரோ தன் நோட்டில் 34 என்று எழுதி வைத்திருந்தார்.

அவர் கணக்கு தப்பில்லை, வேறு இடத்துக்கு உரிய கணக்கு. சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றையும் தனித்தனியாக வாங்கிக் கலக்கும்போது உலர்ந்த பொருளின் அளவு கூடுதலாகத் தேவைப்படும். ஜல்லிக்கு இடையே உள்ள இடைவெளியில் மணலும் சிமெண்டும் போய் உட்காருவதால் அளவு சுருங்கிவிடுகிறது. அதற்காக 1.54 ஆல் பெருக்குவது வழக்கம். ஆனால் ரெடிமிக்ஸ் லாரியில் வருவது ஏற்கெனவே கலந்து சுருங்கிய கான்கிரீட். அதற்கும் 1.54 போட்டால் 12 கியூப், அதாவது இரண்டு லாரி கான்கிரீட், கொட்ட இடமில்லாமல் வாசலில் வந்து நிற்கும்.

சரி, அளவு முடிவாகிவிட்டது. இனி எடை. ஒரு கியூப் சாதாரண கான்கிரீட் 2,400 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சரிபார்க்க எளிய வழி, பிளாண்டில் தரும் பேட்ச் சீட்டு. ஒரு கியூபுக்கு சிமெண்ட் 340, எம் சாண்ட் 790, பெரிய ஜல்லி 700, சிறிய ஜல்லி 400, தண்ணீர் 165 என்று இருந்தால் கூட்டுத்தொகை 2,395 கிலோ. உங்கள் கலவையின் எடை அதுதான். எங்கள் 22.2 கியூப் ஏறத்தாழ 53 டன்.

ஆனால் ரோட்டில் போவது கான்கிரீட் மட்டுமல்ல, லாரியும் சேர்ந்துதான் போகிறது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். எங்களுக்கு வந்த லாரியின் வெறும் எடை, ஆர்.சி. புத்தகப்படி 11.9 டன். ஆறு கியூப் ஏற்றினால் 14.4 டன் சேர்ந்து 26.3 டன். மூன்று அச்சு லாரிக்கு 2018 முதல் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 28.5 டன், அதனால் நெடுஞ்சாலையில் சிக்கல் இல்லை. இதே லாரியில் ஏழு கியூப் ஏற்றினால் 28.7 டன் ஆகி வரம்பைத் தாண்டிவிடும். வடக்கே குலசேகரம் பக்கம் மேடேறிப் போகும் சைட்டுகளுக்கு நான் ஐந்து கியூப்தான் ஏற்றச் சொல்வேன். தளர்வான கலவை ஏற்றத்தில் டிரம்மின் பின்வாய் வழியே வழியும்.

சிக்கல் வீட்டுக்கு முன்னால் இருந்தது. சானல் மேல் ஒரு சின்னப் பாலம், அதில் '16 டன்' என்று பலகை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். "தம்பி, ஆறுக்குப் பதிலா மூணு கியூப் கொண்டு வாங்க. பாதிதானே, பாலம் தாங்கும்" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. நான் அவர் முன்னாலேயே செங்கல்லில் எழுதிக் காட்டினேன். மூன்று கியூப் 7.2 டன், லாரி 11.9 டன், மொத்தம் 19.1. கான்கிரீட்டைப் பாதியாக்கினாலும் பாலத்தின் மேல் ஏறும் எடை 26.3-லிருந்து 19.1 ஆகத்தான் குறைகிறது. "சார், பதினாறுல லாரியே பன்னிரண்டைத் தின்னுடுது. மிச்சம் நாலு டன். அதுல 1.7 கியூப்தான் வரும்" என்றேன்.

அப்படிப் பார்த்தால் பதிமூன்று நடைக்கு மேல் வேண்டும். பிளாண்டில் ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தரநிலை. இத்தனை நடை ஓடினால் ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவே போட்ட கான்கிரீட் இறுகிவிடும். அந்த இணைப்பில்தான் பின்னால் மழைத்தண்ணீர் கசியும். நம்ம குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, அந்தக் கசிவு வருடத்தில் பாதி நாள் தெரியும்.

அதனால் லாரியைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, பம்ப் வைத்து, 60 மீட்டர் குழாய் இழுத்தோம். இப்போது கணக்கில் இன்னொரு வரி சேர்ந்தது. 125 மில்லி மீட்டர் குழாயில் ஒரு மீட்டருக்கு 12.3 லிட்டர் கான்கிரீட் நிற்கும். 60 மீட்டருக்கு 0.74 கியூப், எடையில் 1.8 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பம்ப் தொட்டியில் எப்போதும் கால் கியூப் கிடக்க வேண்டும், இல்லையென்றால் காற்றை உறிஞ்சிக் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆக 22.2 என்பது 23.2 ஆனது. சிந்துவதற்கும் கொஞ்சம் வைத்து 24 கியூப், நான்கு லாரி.

குழாயின் எடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மூன்று மீட்டர் துண்டில் கான்கிரீட் மட்டும் 88 கிலோ, இரும்பையும் சேர்த்தால் நூறைத் தாண்டிவிடும். பம்ப் தள்ளும் ஒவ்வொரு முறையும் அது முன்னும் பின்னும் உதைக்கும். செங்குத்தாக மேலே ஏறும் துண்டை, தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டில் கட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்த உதை நேரே முட்டுக்குப் போகிறது. நாங்கள் தனியாக ஒரு சாரம் நிறுத்தி அதில் கட்டினோம்.

மூன்றாவது லாரி காலியானதும் நான்காவதை உடனே ஏற்றச் சொல்லவில்லை. பதினெட்டு கியூப் இறங்கியிருந்தாலும் ஒரு கியூப் குழாயிலும் தொட்டியிலும் இருக்கிறது, தளத்தில் இருப்பது 17 மட்டும். மிச்ச இடத்தை டேப்பால் அளந்தபோது 5.4 வந்தது. குழாயில் இருப்பதை ஸ்பாஞ்ச் பந்து விட்டுத் தள்ளித் தளத்துக்கே எடுத்துவிடலாம் என்பதால் ஐந்து கியூப் போதும் என்று பிளாண்டுக்குப் போன் போட்டேன். சந்தேகத்துக்கு அந்த லாரியை எடைமேடையில் ஏற்றினோம். 23,850 கிலோ. லாரியைக் கழித்தால் 11,950. அதை 2,395 ஆல் வகுத்தால் 4.99. சீட்டும் எடையும் ஒத்துப்போயின.

அப்புறம் கிரேன். ரோட்டோரச் சாக்கடையை மூட நான்கு பலகைகளை லாரி நின்ற பக்கமே வார்த்து வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் நீளம், 1.2 அகலம், 20 சென்டி மீட்டர் கனம், அதாவது 0.576 கியூப். இங்கே 2,400 போடக் கூடாது. உள்ளே கம்பி இருக்கிறது, 2,500 போட்டு 1.44 டன். கொக்கியும் சங்கிலியும் 0.12 டன். அச்சிலிருந்து முதலில் கிளப்பும்போது அடியில் ஒட்டிப் பிடிக்கும், அதற்கு நான் பலகை எடையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்கிறேன். மொத்தம் 2.04 டன்.

கிரேன்காரர், "அண்ணாச்சி, இது 12 டன் வண்டி, ரெண்டு டன்னுக்கா யோசிக்கீங்க?" என்றார். 12 டன் என்பது கிரேனின் கையான பூம் வண்டியை ஒட்டி நிற்கும்போது தூக்குவது. கேபினில் ஒட்டியிருந்த அட்டவணையை இருவரும் சேர்ந்து படித்தோம். நாலு மீட்டரில் தாராளம், ஆறு மீட்டரில் 2.2 டன், ஏழு மீட்டரில் 1.7 டன். அவர் நின்ற இடத்திலிருந்து பலகை ஏழு மீட்டர் தள்ளி இருந்தது. வண்டியை முன்னால் எடுத்து, பலகையை நாலு மீட்டரில் வைத்து, ஓரத்தைக் கடப்பாரையால் நெம்பிவிட்டுக் கிளப்பினோம். ஒட்டு விட்டதும் எடை 1.56 டன்னாக இறங்கிவிட்டது. சாக்கடை மேல் இறக்கும்போது ஆறு மீட்டரைத் தாண்ட வேண்டாம் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். நாலு பலகையும் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே இறங்கின.