எஸ்டியைக் கடைசியில் பாருங்கள்

ஈசிஜி தாளை வாங்கியதும் மாணவர்களின் கண் நேராக எஸ்டிக்குத்தான் ஓடும். அதுவும் நெஞ்சுவலியோடு வந்தவரின் தாள் என்றால் கேட்கவே வேண்டாம். எஸ்டி ஏறியிருக்கிறது, ஹார்ட் அட்டாக், வேலை முடிந்தது. அப்படிப் படித்தால் எதையெல்லாம் கோட்டைவிடுவோம் என்பதை ஒரு மாதிரி ஈசிஜியை வைத்துப் பார்க்கலாம். வந்திருப்பவர் 56 வயது ஆண். இரண்டு மணி நேரமாக நெஞ்சை அழுத்துகிறது, உடம்பெல்லாம் வியர்வை.

முதலில் தாளின் ஓரத்தைப் பாருங்கள். வேகம் நொடிக்கு 25 மி.மீ. என்று இருக்க வேண்டும். அந்த வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. நிமிடத்துக்கு 300 பெரிய கட்டங்கள் ஓடும். அதனால்தான் இரண்டு கியூஆர்எஸ்களுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுத்தால் துடிப்பு வேகம் கிடைக்கிறது.

நம் நோயாளியின் தாளில் அந்தக் கணக்கு குழப்புகிறது. ஓரிடத்தில் இடைவெளி 22 சின்னக் கட்டம், அதாவது 4.4 பெரிய கட்டம். வேகம் 68 என்று வருகிறது. சற்றுத் தள்ளி இன்னோர் இடைவெளி 37 சின்னக் கட்டம், அங்கே 40. எது சரி? இரண்டுமே இல்லை. இடைவெளி சீராக இல்லாதபோது 300 கணக்கு உதவாது. தாளின் அடியில் 10 நொடிக்கு ஓடும் நீளப் பட்டையில் கியூஆர்எஸ்களை எண்ணி ஆறால் பெருக்குங்கள். இவருக்கு ஒன்பது, ஆகவே 54.

ஏன் சீராக இல்லை? அதற்குப் பதில் ரிதத்தில் இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தின் விளிம்பில் அடுத்தடுத்த பி அலைகளைப் புள்ளி வைத்து, பட்டையின் மேல் நகர்த்திப் பாருங்கள். பி அலைகள் 20 சின்னக் கட்டத்துக்கு ஒன்றாக, பிசகாமல் வருகின்றன. லீட் 2-ல் நிமிர்ந்தும் இருக்கின்றன. அப்படியானால் சைனஸ் முனை 75 என்ற வேகத்தில் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. சிக்கல் அதற்குக் கீழே. பி தொடங்கும் இடத்திலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் இடம்வரை அளந்தால் முதல் துடிப்பில் 5 சின்னக் கட்டம், அடுத்ததில் 7, அதற்கடுத்ததில் 8. நான்காவது பி-க்குப் பின்னால் கியூஆர்எஸ்ஸே இல்லை. பிறகு மறுபடி 5-லிருந்து தொடங்குகிறது. ஏவி முனை ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, கடைசியில் ஒன்றைத் தவறவிடுகிறது. இதுதான் வென்கெபாக் என்ற இரண்டாம் நிலை அடைப்பு. டி அலையின் சரிவில் ஒளிந்திருக்கும் பி-யைத் தேடாதவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

ஆக்சிஸுக்கு அதிக நேரம் வேண்டாம். லீட் 1, ஏவிஎஃப் இரண்டிலும் கியூஆர்எஸ் மொத்தத்தில் மேல்நோக்கி இருந்தால் இயல்பு. இவருக்கு அப்படியே. லீட் 1 மேலே, ஏவிஎஃப் கீழே என்றால் லீட் 2-ஐப் பாருங்கள்; அதுவும் கீழே போனால்தான் இடப்பக்க விலகல். லீட் 1-ல் பி, கியூஆர்எஸ் எல்லாமே தலைகீழாக இருந்தால் நோயைத் தேடும் முன் கை வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரி, இப்போது எஸ்டி. கியூஆர்எஸ் முடியும் ஜே புள்ளியை அடிக்கோட்டோடு ஒப்பிட வேண்டும். இவருக்கு லீட் 2-ல் 2 மி.மீ., லீட் 3-ல் 3, ஏவிஎஃப்பில் 2.5 ஏற்றம். ஏவிஎல்லில் 2 மி.மீ. இறக்கம். இதயத்தின் கீழ்ச் சுவர் அடிபட்டிருக்கிறது, எதிர்ப்பக்க இறக்கம் அதை உறுதிப்படுத்துகிறது.

லீட் 2-ஐவிட லீட் 3-ல் ஏற்றம் அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? லீட் 1-ம் லீட் 3-ம் கூடினால் லீட் 2 வரும் என்பது ஐன்தோவன் விதி. ஆக, லீட் 1-ல் 1 மி.மீ. இறங்கியே ஆக வேண்டும், தாளிலும் இறங்கியிருக்கிறது. காயத்தின் மின்னோட்டம் வலப்பக்கம் சாய்கிறது, வலது கொரோனரிதான் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலானவர்களுக்கு ஏவி முனைக்கு ரத்தம் கொடுப்பதும் அதே குழாய்தான். வென்கெபாக் ஏன் வந்தது என்பது இப்போது புரிகிறது.

அந்தக் குழாய் வலது வென்ட்ரிக்கிளுக்கும் போகிறது. வழக்கமான பன்னிரண்டு லீட்கள் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. அதனால் வி4 எலெக்ட்ரோடை வலது மார்பில் அதே மட்டத்தில் ஒட்டி, வி4ஆர் எடுக்க வேண்டும். அதில் அரை மி.மீ. ஏறியிருந்தாலே வலது வென்ட்ரிக்கிளும் அடிபட்டிருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு வழக்கப்படி நாக்குக்கு அடியில் நைட்ரேட் வைத்தால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து பிரஷர் சட்டென்று விழுந்துவிடும். இதற்கெல்லாம் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது, கேத் லாபுக்குச் சொல்லிவிட்டே எடுக்கலாம். வி4ஆர் கைக்கு வரும்வரை அந்த மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும்.